ஞாயிற்றுக்கிழமை நெய்மீன்

கடற்கரை ஊரான கடியப்பட்டணத்தில் இசபெல் வாய் மூடி இருந்து பார்த்தவர்கள் குறைவு. மீன் கூடையோடு உள்நாட்டு ஊரான இரணியலுக்குப் போகிற நாட்களில், ஒரு வீட்டில் அரைக்கிலோ சாளை கொடுப்பதற்குள் அந்த வீட்டு மாமியார் மருமகள் வழக்கை விசாரித்துத் தீர்ப்பும் சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவளுக்குத் தம்பி ஆன்றோ துபாயிலிருந்து தொடுதிரை போன் ஒன்றை அனுப்பினாலும் அனுப்பினான், ஆள் ஊமையாகிவிட்டாள்.

மீன் கேட்பவர்கள் இப்போது வாட்ஸ்அப்பில் கேட்டார்கள். முதலில் இவள் குரலைப் பதிந்துதான் அனுப்பினாள். மீன் ஏலக்காரனின் கூச்சலும் காக்கையின் கரைச்சலும் கலந்து வந்ததில், வேலைக்குப் போகிற பெண்கள் "அக்கா, எழுதி அனுப்புங்க" என்றார்கள். எழுத வேண்டுமானால் செதிள் ஒட்டிய கையைச் சேலையில் துடைக்க வேண்டும். துடைத்த ஒற்றைப் பெருவிரலுக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவே பதில். "உண்டு." "இல்ல." "ம்."

பிரீனா டீச்சரும் அப்படித்தான் மாட்டினாள். இரணியல்காரி, இசபெல்லின் நல்ல வாடிக்கை. "அக்கா, ஞாயிறு ஆராதனையில மோனுக்கு ஞானஸ்நானம். மத்தியானச் சாப்பாட்டுக்கு நெய்மீன் கிடைக்குமா?" என்று வியாழக்கிழமை கேட்டிருந்தாள்.

"ஞாயிறு இல்ல."

"வேற மீனாவது?"

"இல்ல."

இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன. அதன்பின் பேச்சில்லை. இசபெல்லும் அதைப் பெரிதாக எண்ணவில்லை. ஞாயிற்றுக்கிழமை எந்த வள்ளமும் கடலில் இறங்காது. பூசைக்குப் போகிற ஊரில் இது தொட்டில் குழந்தைக்கும் தெரியும். ஆனால் இரணியல் தொட்டில்களுக்குத் தெரியாதே.

வெள்ளிக்கிழமை காலை மீனோடு பூங்கனி வீட்டுக்குப் போனபோதுதான் சங்கதி வெளியே வந்தது. பூங்கனி டீச்சருக்குப் பக்கத்து வீடு. இசபெல்லோடு வாயடிக்கும் தெம்புள்ள ஒரே ஆள்.

"ஏட்டி, உனக்கு நல்ல பவுசு வந்தாச்சு கேட்டியா? போன் வந்ததும் ஆளு மாறிட்ட."

"என்னட்டி சொல்லுத?"

"பிள்ளைக்க ஞானஸ்நானத்துக்கு ஆசையா கேட்டவள நாயை விரட்டுன மாதிரி விரட்டியிருக்க. அவ கோழிக்கடையில சொல்லப் போறா. இனி உனக்க கிட்ட மீனே வேண்டாமாம்."

"நான் விரட்டுனனா? இல்லாதத இல்லன்னு சொன்னேன்."

இசபெல்லின் பதிலை டீச்சர் படமெடுத்து அனுப்பியிருந்தாள்; பூங்கனி அதைத் தன் போனில் எடுத்து, கறிக்கு மிளகாய் கிள்ளிப் போடுவதுபோல் வாசித்தாள். "ஞாயிறு இல்ல. இல்ல." பிறகு நிமிர்ந்து, "நேர்ல இப்படியா பேசுவ நீ?" என்றாள்.

இசபெல்லுக்குச் சுருக்கென்றது. நேரில் என்றால், "ஐயோ மக்கா" என்று தொடங்கி இழுக்கிற இழுப்பிலேயே பாதி கோபம் கரைந்துவிடும். அந்த இழுப்பு போனுக்குள் ஏறவில்லை. போனது வெறும் 'இல்ல' மட்டும். ஏன் இல்லை, எது உண்டு, எப்போது தெரியும் என்பதெல்லாம் இவள் நெஞ்சுக்குள்ளேயே தங்கிவிட்டது.

"சோப்பு எங்கட்டி இருக்கு?" என்றாள். இரண்டு கையையும் முழங்கைவரை தேய்த்துக் கழுவிவிட்டு பூங்கனியின் நாற்காலியில் உட்கார்ந்தாள். முதலில் எழுதியது செபமாலை நீளத்துக்குப் போயிற்று. அதில் டீச்சரின் மாமியார் முட்டுவலி வரைக்கும் விசாரிப்பு. "இத வாசிச்சு முடிக்கதுக்குள்ள மோனுக்குக் கலியாணம் ஆயிரும்" என்றாள் பூங்கனி. அதை அழித்துவிட்டு மறுபடி எழுதினாள்.

"டீச்சர், மோனுக்கு ஞானஸ்நானம்னு கேட்டு ரொம்ப சந்தோஷம். நேத்து கை ஈரத்துல சட்டுன்னு எழுதிட்டேன், தப்பா நினைக்காதீங்க. ஞாயிறு எங்க ஊர்ல யாரும் கடலுக்குப் போவ மாட்டாங்க. சனிக்கிழமை வர்ற நெய்மீனை வெட்டிக் கழுவி ஐஸ் போட்டு, ஞாயிறு காலையில வீட்டுல கொண்டு தாரேன். நெய்மீன் படலன்னா விளமீன் தரட்டுமா? எத்தனை பேருக்குன்னு சொன்னா போதும். எது கிடைச்சுதுன்னு நாளைக்கு மத்தியானம் எழுதுறேன்."

அனுப்பிவிட்டு, வாடிக்கை போய்விட்டதென்ற பயமே இல்லாதவள்போல் காலாட்டிக்கொண்டிருந்தாள். பூங்கனிதான் போனை எட்டி எட்டிப் பார்த்தாள்.

பதில் வந்தது. "அக்கா, ஞாயிறு போவ மாட்டாங்கன்னு எனக்குத் தெரியாது. இனி எங்களுக்குத் தர இஷ்டமில்லையோன்னு நினைச்சேன். கோழிக்கு இன்னும் சொல்லல. அம்பது பேருக்கு வேணும். விளமீனானாலும் சரி. நீங்களும் சாப்பிட வரணும்."

"பாத்தியாட்டி?" என்று இசபெல் கூடையைத் தூக்கினாள். மறுவாரம் முழுக்க இரணியலில் அவள் சொன்ன கதையில், பூங்கனி வெறும் சோப்பு எடுத்துக் கொடுத்தவள்தான்.

சனிக்கிழமை மத்தியானம் வள்ளம் கரைசேர்ந்தது. அதில் போயிருந்த அவள் புருஷன் கிளீட்டஸ் கடற்கரையிலிருந்து எழுதினான்: "உண்டு."

இசபெல் கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தாள். "என்ன மீன் உண்டு? நெய்மீனா? அம்பது பேருக்குக் காணுமா? டீச்சர் காத்திருக்காங்க, முழுசா எழுதுங்க. நேர்ல பேசுத மாதிரி."

வெகுநேரம் கழித்து வந்தது. "அன்புள்ள இசபெல், நெய்மீன் உண்டு. அம்பது பேருக்கும் காணும். சோறு வச்சியா?"