மாற்றம் இல்லாதவை

அந்தப் பல்கலைக்கழகத்தின் நிலவியல் துறை அலுவலகத்தை நடத்தி வந்தவளை வயது வித்தியாசம் இல்லாமல் எல்லோரும் அக்கா என்றே கூப்பிட்டார்கள். துறைத்தலைவர்கூட அப்படித்தான். வாய்மொழித் தேர்வுக்கு அறை பிடிப்பது, வெளித் தேர்வாளருக்கு ஆய்வேட்டை அனுப்புவது, அறிவிப்பு எழுதுவது எல்லாம் அவள் தலையில்தான் விழும். அவள் எழுதும் மின்னஞ்சலைப் படித்துவிட்டு யாரும் போன் போட்டுச் சந்தேகம் கேட்டதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

அன்று காலை அவள் மேஜை முன்னால் வந்து உட்கார்ந்த ஆய்வு மாணவிக்கு முகத்தில் ஈயாடவில்லை.

"அக்கா, மாசக் கடைசி வரைக்கும் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம். மேடத்தோட தங்கச்சி நேத்து கூப்பிட்டுச் சொன்னாங்க."

மேடம் என்றது அவளுடைய நெறியாளரான பேராசிரியையை. துறையில் பாதிப்பேருக்கு அவர் என்றாலே பயம். நாலு மாதமாக விடுப்பில் இருந்தார். முதுகுவலி என்று சொல்லி வைத்திருந்தார். என்ன வியாதி என்பது துறைத்தலைவருக்கும் அக்காவுக்கும் மாணவிக்கும் மட்டுமே தெரியும். மாணவியின் தேர்வு இருபத்தெட்டாம் தேதி, பெரிய அரங்கத்தில், நேரில் நடப்பதாக ஏற்கெனவே அறிவித்தாயிற்று.

அக்கா தேர்வை முன்னால் இழுத்துவிடுவது என்று முடிவு செய்தாள். போனை எடுத்தாள். வெளித் தேர்வாளர் பதினேழாம் தேதி முடியும், ஆனால் பயணம் செய்ய முடியாது, திரையில்தான் வருவேன் என்றார். பெரிய அரங்கம் அன்று வேறு துறைக்குப் போயிருந்தது. மூன்றாம் மாடியில், திரையும் நல்ல ஒலிவாங்கியும் இருக்கிற சின்ன அறை காலியாக இருந்தது. நேரிலும் இணையத்திலுமாக நடத்தப் புல முதல்வரின் ஒப்புதல் வேண்டும். மதியத்துக்குள் அதையும் வாங்கிவிட்டாள். தேர்வுக்கு ஒரு வாரம் முன்பாவது அறிவிப்பு போக வேண்டும் என்பது விதி. இன்றே அனுப்பினால் சரியாக இருக்கும்.

தேதி, அறை, நடத்தும் விதம் என்று மூன்றும் மாறுகின்றன. மூன்றையும் ஒரே மின்னஞ்சலில்தான் சொல்ல வேண்டும் என்பதில் அவள் கறாராக இருந்தாள். முன்பு ஒருமுறை தேதியை ஒரு மின்னஞ்சலிலும் அறையை இன்னொன்றிலும் வேறொருவர் அனுப்பப்போய், பாதிக் கூட்டம் பூட்டிய கதவுக்கு முன்னால் காவல் காத்தது. தவிர, மூன்று மாறுகிறது என்றவுடன் ஜனங்கள் எல்லாமே மாறிவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள். அதனால் மாறாததையும் எழுதியாக வேண்டும்.

வரைவை எழுதிப் பேராசிரியைக்குப் போனில் படித்துக் காட்டினாள். 'உடல்நலக் குறைவால் நெறியாளர் இணையவழியில் கலந்துகொள்வார்' என்று ஒரு வரி இருந்தது.

"அதை எடு." குரல் மெலிந்திருந்தாலும் அதட்டல் மெலியவில்லை. "எனக்கு என்னன்னு ஊருக்கே தண்டோரா போடணுமா?"

"நீங்க அறையில இல்லைன்னா கேட்க மாட்டாங்களா மேடம்?"

"தேர்வாளருக்காகத் திரைன்னு நினைச்சுக்கட்டும். பொய் சொல்லச் சொல்லல. காரணம் எழுதாதேங்கறேன், அவ்வளவுதான். நெறியாளரை மாறாத பக்கம் போடு."

அக்கா தயங்கினாள். அந்தப் பெயரை மாறாத பக்கம் போட்டுவிட்டு, பதினேழாம் தேதிக்குள் ஏதாவது ஆனால்?

அந்தத் தயக்கம் போன் வழியாகவே எட்டியிருக்க வேண்டும். "நடுவுல எனக்கு எதாவது ஆச்சுன்னா நீ திருத்தம் அனுப்பணும், அதானே உன் கவலை? அந்த வேலையை உனக்கு வைக்க மாட்டேன்," என்றார் பேராசிரியை. சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்தது. "இன்னொண்ணு. பதிவு பண்ணக் கூடாது. திரையில நடத்தறதே எனக்குப் பொம்மலாட்டம் மாதிரி. அதை வேற பிடிச்சு வெச்சுக்காதீங்க. நம்ம துறையில எப்பவும் பதிவு கிடையாது, இப்பவும் கிடையாது. அதையும் மாறாத பக்கம் எழுது."

அன்று பிற்பகல் அந்த மின்னஞ்சல் துறையில் எல்லோருக்கும் போனது. தலைப்பிலேயே 'தேதி, அறை, நடத்தும் விதம் மாற்றம்' என்று இருந்தது.

'நிலத்தடி நீரோட்டம் குறித்த ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வில் மூன்று மாற்றங்கள். தேதி: 28 அல்ல, 17. இடம்: பெரிய அரங்கம் அல்ல, மூன்றாம் மாடிக் கருத்தரங்க அறை. விதம்: நேரில் மட்டும் அல்ல, நேரிலும் இணையவழியிலும், இணைப்பு கீழே உள்ளது. மாற்றம் இல்லாதவை: காலை பத்து மணி என்ற நேரம், ஆய்வேட்டின் தலைப்பு, தேர்வாளர்கள், நெறியாளர். யாரும் வரலாம், பார்வையாளர்களும் கேள்வி கேட்கலாம். வழக்கம்போல் நிகழ்வு பதிவு செய்யப்படாது. பழைய அழைப்பை நீக்கிவிடவும். வேறு எதுவும் செய்யத் தேவையில்லை.'

நாட்காட்டியில் இருந்த பழைய அழைப்பை ரத்து செய்து புதியதை அனுப்பினாள். அரங்கத்தின் கதவில் ஒரு தாளும் ஒட்டிவிட்டு வந்தாள்.

அவள் திரும்பி வந்தபோது பாறை சார் அவள் மேஜையருகே நின்றுகொண்டிருந்தார். பாறைகளைப் பற்றிப் பாடம் நடத்துகிறவர் என்பதால் மாணவர்கள் வைத்த பெயர். ஆளும் அசைந்து கொடுக்காதவர். பேராசிரியையும் அவரும் ஒன்றாகப் படித்தவர்கள், ஒரு காலத்தில் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். பிறகு பேராசிரியையின் பெரிய ஆய்வுத் திட்டம் ஒன்று நிதி ஒதுக்கும் குழுவின் முன்னால் வந்தபோது, நகரத்துக்கு அடியில் தண்ணீர் அவர் சொல்கிற தெற்குத் திசையில் போகவே முடியாது, கிணறுகளைத் தேர்ந்தெடுத்ததே தப்பு என்று இவர் பேசினார். திட்டம் கவிழ்ந்தது. அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. பக்கத்துப் பக்கத்து அறையில் இருந்துகொண்டு பன்னிரண்டு வருடம் முகம் பார்க்கவில்லை.

"அவளுக்கு என்ன?" என்றார்.

"யாருக்கு சார்?"

"திரையில தேர்வுன்னா சண்டைக்கு வர்றவ. இப்ப எப்படி ஒத்துக்கிட்டா? தேதியையும் முன்னால இழுத்திருக்கீங்க."

அக்கா கையிலிருந்த ஒட்டுநாடாவை மேஜையில் வைத்தாள். "மெயில்ல இருக்கறதுதான் சார் என்னால சொல்ல முடியும்."

அவர் அவள் முகத்தையே பார்த்தார். அதில் எவ்வளவு படித்தாரோ, மேலே நோண்டவில்லை. "பார்வையாளர் கேள்வி கேட்கலாம்னு போட்டிருக்கீங்க. அது எனக்கும்தானே?"

"யாரும் வரலாம்னு எழுதியிருக்கேன் சார்."

அவர் ஆய்வேட்டின் ஒரு பிரதியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

பதினேழாம் தேதி சின்ன அறை நிரம்பி வழிந்தது. ஒருவரும் தவறான கதவுக்குப் போகவில்லை. அக்கா மூலையில் மடிக்கணினியுடன் உட்கார்ந்து இணைப்பைக் கவனித்துக்கொண்டிருந்தாள். பத்து மணிக்குச் சற்று முன்னால் பேராசிரியையின் பெயர் வந்தது, பிறகு படம் வந்தது. தலையணைகளுக்கு நடுவில் ஒரு முகம். கண் மட்டும்தான் பழைய கண். முதுகுவலி என்று நம்பியிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாணவி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"என்னைப் பார்த்துட்டு நிக்காதே, ஆரம்பி," என்றார் பேராசிரியை.

மாணவி ஆரம்பித்தாள். பெரிய திரையை அவளுடைய வரைபடங்கள் நிறைத்தன. அதற்கப்புறம் இணையத்தில் இருந்தவர்களின் முகம் அக்காவின் மடிக்கணினியில்தான் தெரிந்தது. கடைசி வரிசையில் பாறை சார் ஆய்வேட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தேர்வாளர்கள் கேள்வி கேட்டார்கள். மாணவி திணறாமல் பதில் சொன்னாள். வெளித் தேர்வாளரின் கடைசிக் கேள்வி நடக்கும்போது அக்காவின் போனில் பேராசிரியையின் தங்கையிடமிருந்து செய்தி வந்தது: 'வலி தாங்கல. மருந்து கொடுத்துப் படுக்க வைக்கிறேன். மன்னிக்கணும்.' நிமிர்ந்து பார்ப்பதற்குள் இணைப்பில் இருப்பவர்கள் பட்டியலில் அந்தப் பெயர் இல்லை.

தேர்வுக் குழுத் தலைவர், பார்வையாளர்கள் கேட்கலாம் என்றார். பாறை சார் எழுந்தார்.

அக்கா கையை உயர்த்தலாமா என்று நினைத்தாள். என்ன சொல்லி நிறுத்துவது? தேர்வின் நடுவே, அந்தப் பெண் நின்றுகொண்டிருக்கும்போது, உன் மேடம் இப்போது இணைப்பில் இல்லை என்று எப்படிச் சொல்வது? அந்தத் தயக்கத்திலேயே அவர் பேசத் தொடங்கிவிட்டார்.

"நாலாவது அத்தியாயத்துல உங்க மேடம் அந்தப் பழைய திட்டத்துல கிணறுகளைத் தேர்ந்தெடுத்த முறையையே திரும்பப் பயன்படுத்தியிருக்கீங்க. அந்த முறை தப்புன்னு ஒரு காலத்துல ஒருத்தன் சொன்னான். நான்தான் அது. உங்க அளவுகளை எல்லாம் நானே உட்கார்ந்து திரும்பக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தண்ணி தெற்கதான் போகுது. அன்னிக்கும் தெற்கதான் போயிருக்கு." கொஞ்சம் நிறுத்தினார். "அன்னிக்கு நான் அந்த அளவுகளைச் சரியாப் படிக்காமலே பேசினேன். இது கேள்வி இல்லதான். கேள்வின்னு ஒண்ணு வேணும்னா, இந்த முடிவுல உங்களுக்கு எதாவது சந்தேகம் இருக்கா?"

அவர் மாணவியைப் பார்க்கவில்லை. வரைபடத்துக்குப் பின்னால் யாரோ இருப்பதுபோலத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாணவி, "இல்லை சார்," என்று மட்டும் சொன்னாள்.

தேர்வாளர்கள் தனியாகப் பேசுவதற்காக மற்றவர்கள் வெளியேறினார்கள். நடைவழியில் பாறை சார் அக்காவின் பக்கம் வந்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

"அவ என்ன பண்ணா? முகம் தெரியல எனக்கு. கேட்டுட்டுத்தானே இருந்தா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். ஒரு வார்த்தை. யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அவள் எழுதியதை நம்பி வந்தவர் அவர்.

"இல்ல சார். நீங்க எழுந்திரிக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாலதான் இணைப்புலேருந்து போனாங்க. முடியல அவங்களால."

அவர் சுவரில் கை வைத்துக்கொண்டார். "பதிவு இருக்கும் இல்ல? போட்டுக் காட்டலாமே."

"பதிவு கிடையாது சார்."

"ஆமா. எழுதியிருந்தீங்க." தரையைப் பார்த்தபடி நின்றார். "அவதான் சொல்லியிருப்பா."

அக்கா அங்கேயே நின்று தங்கைக்குப் போன் போட்டாள். சார் பேசியதைச் சொன்னாள். அவர் வரலாமா என்று கேட்டாள். அந்தப் பக்கம் கதவு ஒன்று திறந்து மூடும் சத்தம் கேட்டது. பிறகு, "வரச் சொல்லுங்க. ஆனா முழிப்பாங்களான்னு தெரியாது," என்றாள் தங்கை.

கதவு திறந்து, மாணவி தேறிவிட்டாள் என்று தலைவர் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். மாணவி அக்காவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். பாறை சார் அதற்குள் படியிறங்கிப் போயிருந்தார்.

பேராசிரியை அதற்குப் பிறகு மூன்று நாள் இருந்தார். அடக்கம் முடிந்து ஒரு வாரம் கழித்து, பேராசிரியையின் அறைச் சாவியைக் கொடுப்பதற்காகத் தங்கை அலுவலகத்துக்கு வந்தாள். தேர்வன்று பாறை சார் பார்க்கப் போனபோது நடந்ததை அவள் சொல்லித்தான் அக்காவுக்குத் தெரிந்தது.

"பொழுது சாயற வரைக்கும் கட்டில் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தார். ஒருதரம் கண்ணைத் திறந்து பார்த்தாங்க. 'உனக்கு கிளாஸ் இல்லையா?'ன்னு கேட்டாங்க. இல்லன்னார். அப்புறம் அவர் சொல்ல ஆரம்பிச்சார், கிணறு, தெற்கு, அது இதுன்னு. பாதியிலயே அவங்க தூங்கிட்டாங்க. அவர் நிறுத்தல. கடைசி வரைக்கும் சொல்லி முடிச்சுட்டுத்தான் எழுந்தார்."

அவள் போன பிறகு பாறை சார் வந்தார். சாவி மேஜைமேல் இருப்பதைப் பார்த்தார்.

"தங்கச்சி எதாவது சொன்னாங்களா? பின்னால முழிச்சு என்னைப் பத்திக் கேட்டாளான்னு."

"அப்படி எதுவும் சொல்லல சார்."

"உனக்கு கிளாஸ் இல்லையான்னா. கோபமாக் கேட்டாளா, எப்பவும் கேட்கற மாதிரியான்னு எனக்குப் பிடிபடல. நீங்க அவகூட நிறையப் பேசினவங்க. உங்களுக்கு எப்படித் தோணுது?"

அக்கா யோசித்துப் பார்த்தாள். அந்தக் குரலைக் காதுக்குள் கொண்டுவரப் பார்த்தாள். அது இரண்டு விதமாகவும் கேட்டது.

"தெரியல சார்," என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். மாடியில் மாணவர்கள் நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. "எனக்கு கிளாஸ் இருக்கு," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அக்கா சாவியை இழுப்பறைக்குள் போட்டு மூடினாள்.