காலை ஆறு மணி என்ற செய்தி

துறைமுகத்துக்கு வரும் கப்பல்களின் அலுவல்களைக் கவனிக்கும் முகவர் அலுவலகம் ஒன்றில் கமலேஸ்வரி பதினொரு ஆண்டுகள் வேலை பார்த்தாள். அன்று அவளுடைய கடைசி நாள்; திங்கட்கிழமை சீனன்குடாவில் புது வேலை. அலுவலகம் அவளுக்கு ஒருநாளும் கைத்தொலைபேசி கொடுத்ததில்லை. ஆகையால் வேலைப் பேச்செல்லாம் அவளுடைய சொந்தத் தொலைபேசியிலேயே கிடந்தது.

அவளுடைய இடத்துக்கு வரும் அம்ரா, கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். முகாமையாளர் குணரத்தினத்தின் கட்டளை தெளிவானது. வேலை தொடர்பான உரையாடல்களை அலுவலக மின்னஞ்சலுக்கு அனுப்பிய பிறகே அழிக்கவேண்டும். மாலுமிகளின் கடவுச்சீட்டுப் படம் ஒன்றுகூட அவளிடம் தங்கக்கூடாது. அலுவலக வாட்ஸ்அப் குழுவிலிருந்து கடைசியாகத்தான் விலகவேண்டும்.

“வாட்ஸ்அப்பில மட்டும் அழிச்சாப் போதாது அக்கா. படமெல்லாம் ஃபோன் கலரியில கிடக்கும்.”

“கலரியை நேற்றே முடிச்சிட்டன். எல்லாம் அழிஞ்ச பிறகு சேமிச்சு வைக்கிற பக்கப் பிரதியையும் புதுசா எடுப்பன். அப்பதான் பழையது போகும்.”

“நீங்கள் பிழை விடமாட்டீங்கள் எண்டு சேர் சொன்னவர்.”

அந்தச் சொல் கமலேஸ்வரியைச் சுட்டது. இரண்டு மாதங்களுக்கு முன்பும் அவர் அதைத்தான் சொன்னார்.

அன்று நோயாளி மாலுமி ஒருவரைக் கரைக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. கப்பலின் தலைவர் ஆறு மணி என்று எழுதியிருந்தார். கப்பல்காரர் எழுதுவது கிரீன்விச் நேரம். உள்ளூர் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டிப் பதினொன்றரை என்று படகோட்டி அஸீமுக்குச் சொல்லவேண்டும். நூற்றுக்கணக்கான தடவை கூட்டியவள், அன்று கூட்டாமல் அனுப்பிவிட்டாள். மறுநாள் அஸீம் ஆறு மணிக்குக் கடலுக்குப் போய் எட்டரை வரை காத்திருந்தான். அலுவலகம் திறக்காத நேரம். அங்கே தொலைபேசியை எடுக்க ஆளில்லை; வேலைக்கு வரும் வழியில் இருந்த கமலேஸ்வரியும் அவன் அழைப்பைக் கவனிக்கவில்லை. அவன் வேறு சவாரியாக மூதூருக்குப் போய்விட்டான். கப்பல் பதினொன்றரைக்கு வந்தது. நோயாளி காய்ச்சலோடு மூன்று மணி வரை கிடந்தார். பதறித் திரும்பி வந்த அஸீம் படகிலிருந்து கப்பல் ஏணிக்குத் தாவும்போது, அவனுடைய தொலைபேசி கடலில் விழுந்தது.

“பதினொன்றரை எண்டுதான் சொன்னனான்,” என்றாள் கமலேஸ்வரி, குணரத்தினம் கேட்டபோது. மிஸ் ஆறு மணி என்றுதான் அனுப்பினவ என்று அஸீம் சொன்னான். காட்ட அவனிடம் எதுவும் இல்லை. அவளுடைய தொலைபேசியை யாரும் கேட்கவில்லை. அஸீமுக்குப் படகு வேலை நின்றது.

“அஸீம் நானாட வாட்ஸ்அப் கதை இன்னும் வரேல்லயே,” என்றாள் இப்போது அம்ரா, மின்னஞ்சலைப் பார்த்தபடி.

“அதில ஒண்டும் இல்லை.”

“படகுக்காரரோட என்ன அக்கா இரகசியம்?” என்று சிரித்துவிட்டுத் தேநீர் ஊற்றக் குசினிப் பக்கம் போனாள்.

அந்த உரையாடலைக் கமலேஸ்வரி திறந்தாள். ‘நாளை காலை ஆறு மணி.’ அவளுடைய பொய்யைக் காட்ட அந்த ஒரு வரி போதும். அதை அழுத்திப் பிடித்து, தன்னிடமிருந்து மட்டும் நீக்கினாள். வரி மறைந்தது. அதன் கீழே அஸீமின் பதில் தனியே நின்றது: ‘ஓம் மிஸ், ஆறுக்கு முதலே நிப்பன்.’

அதையும் அழிக்கவேண்டும். தன் பிழையை அழித்தது போதாமல், அவன் சொன்ன வார்த்தையையும் அழிக்கவேண்டும். நீக்கியதை மீட்க அனுமதிக்கும் பட்டை இன்னும் திரையின் அடியில் தெரிந்தது. சில விநாடிகளில் போய்விடும். அதைத் தொட்டாள். வரி திரும்பி வந்தது.

உரையாடல் முழுவதையும் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிட்டுக் குணரத்தினத்தின் அறைக்குப் போனாள். அவர் அதைத் தன் கணினியில் வாசித்தார், பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

“போற நாள் பாத்தோ பிள்ளை சொல்லுறீர்?”

“ஓம் சேர். இருக்கேக்க சொல்லத் துணிவு வரேல்லை.”

“நானும் ஃபோனைக் காட்டும் எண்டு ஒரு சொல் கேக்கேல்லை.” அவர் அவளைப் பார்க்காமலே அஸீமுக்கு அழைத்து, திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார். பிறகு தொலைபேசியை அவளிடம் நீட்டினார். “மிச்சத்தை நீரே சொல்லும்.”

“அஸீம் நானா, நான் ஆறு மணி எண்டுதான் அனுப்பினனான். பிறகு பொய் சொன்னனான்.”



“எனக்குத் தெரியும் மிஸ்,” என்றான் அஸீம். “நான் அனுப்பினதை நான் மறப்பனா? எங்கட உம்மாதான் நம்பல்ல. நான் படுத்துக் கிடந்து பிந்திட்டன் எண்டு இண்டைக்கும் நினைச்சிட்டிருக்கிறா.”

“நான் வந்து சொல்லட்டோ?”

“வேணாம். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்க. அவவுக்கு நானே காட்டுறன்.”

அவள் படம் எடுத்தாள். அவள் அனுப்பிய வரியும் நாளும் நேரமும் அதில் தெளிவாகத் தெரிந்தன. அனுப்பினாள். தேநீரோடு வந்து, பேசியதெல்லாம் காதில் விழக் கதவடியில் நின்ற அம்ரா கேட்டாள்: “இனி அதை அழிக்கலாம்தானே அக்கா?”

“அழிக்கலாம்,” என்றாள் கமலேஸ்வரி. ஆனால் அம்ராவின் முகத்தை நிமிர்ந்து பார்க்க அவளால் ஏலவில்லை.