மாமன் சீராக நீச்சல்

பிணம் எடுக்கிறவன் கையில் என் பெண்ணைக் கொடுக்கப் போகிறேன்.

அம்சவல்லி இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. நாகப்பன் எதிரே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். ஏரியிலோ கிணற்றிலோ யார் மூழ்கினாலும் வல்லக்கோட்டையைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் அவரைத்தான் தேடி வருவார்கள். எத்தனை ஆழமானாலும் மூச்சடக்கிப் போய்த் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். அதனாலேயே நீச்சல் கற்றுக்கொடுக்க அவரைவிட்டால் ஆளில்லை என்று அம்சவல்லியின் தம்பி சுப்பராயன் முடிவு செய்துவிட்டான்.

மகள் காந்திமதிக்கு ஏழு வயது நிறைந்தது. வருஷா வருஷம் பட்டுப்பாவாடை எடுத்து வருகிற மாமன், "இந்தத் தபா பாவாட இல்ல கண்ணு, நீச்சலு" என்றான். பெண் குதித்த குதியில் காபி டம்ளர் உருண்டது.

அம்சவல்லிக்கும் அது வேண்டித்தான் இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு ஏரிக்கரை மேல்தான் வழி. ஐப்பசியில் ஏரி நிறையும். கரைக்கு மறுபக்கம் செங்கல் சூளைக்கு மண்ணெடுத்த பள்ளங்களும் நிறையும். போன வருஷம் அதில் ஒன்றிலிருந்துதான் நாகப்பன் ஒரு குழந்தையைத் தூக்கி வந்து கரையில் கிடத்தினார். அவர் முழங்கையில் அந்தத் தலை சாய்ந்திருந்த விதத்தை அவளால் மறக்க முடியவில்லை. செத்ததை எடுக்கத் தெரிந்தவருக்கு உயிரோடு இருப்பதைப் பார்த்துக்கொள்ளத் தெரியுமா? இரண்டும் ஒரே வித்தைதானா?

"தாவீது அண்ணனையும் ஒரு வார்த்த கேக்கலாமே" என்றாள். தாவீது மறைமலை நகர் தொழிற்சாலையில், அவள் கணவன் ரகுபதியோடு, தீயணைப்புப் பிரிவில் வேலை செய்பவர், நீச்சல் கற்றுக்கொடுப்பவர்.

"அவரா?" சுப்பராயன் சிரித்தான். "இடுப்பளவு தண்ணில நிக்க வெச்சி, பத்து நாளு மூச்ச வுடு, மூச்ச இழுன்னு ஊதிகினு இருப்பாரு. அடுப்பு ஊதவா அக்கா கத்துக்கப் போறா?"

நாகப்பனும் சிரித்தார். ரகுபதியும் சிரித்தான். ஆள் தேர்வு முடிந்துவிட்டது.

பம்புசெட்டுக் கிணறு. சுவரில் பதித்த கல்படிகள் வழியே இறங்கினால் கடைசிப் படியோடு தரை முடிந்துபோகும். காலூன்ற இடமே கிடையாது. காய்ந்த சுரைக்குடுக்கைகள் இரண்டை மிதவையாகச் சேர்த்து, நெஞ்சைச் சுற்றிக் கயிறு கொடுத்து, காந்திமதியின் முதுகின் மேற்புறத்தில் நாகப்பன் கட்டினார். முதல் நாட்களில் அவரும் தண்ணீரிலேயே இருந்தார். வயிற்றுக்கடியில் உள்ளங்கையைக் கொடுத்து, "காலை ஒத, முட்டிய மடக்காத" என்று சுற்றிச் சுற்றி வந்தார். அந்தக் கை அங்கே இருந்தவரை அம்சவல்லிக்கு மூச்சு சீராக வந்தது. நல்ல மனிதர்தான் என்றுகூட நினைத்தாள்.

அடுத்த வாரம் ஒரு குடுக்கையை அவிழ்த்துவிட்டார். தண்ணீருக்குள் இருந்தவர் படிக்கு வந்தார். பிறகு படியிலிருந்து மேலே, பீடியோடு, பம்பு மேடைக்கு.

ஞாயிற்றுக்கிழமை சுப்பராயன் தன் சிநேகிதர்களை அழைத்து வந்திருந்தான். காந்திமதி கயிறு உரசிக் கக்கம் எரிகிறது என்று சிணுங்கினாள். "மாமன் கட்டறேன் வா" என்று அவன் கயிற்றை இறக்கி இடுப்பில் கட்டினான். நாகப்பன் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். அம்சவல்லி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். எதுவோ சரியில்லை என்று தோன்றியது. எது என்று தெரியவில்லை. நீச்சல் தெரியாதவள் என்ன சொல்ல முடியும்?

காந்திமதி குதித்தாள்.

குடுக்கை இடுப்பை மேலே தூக்கியது. தலை கீழே போனது. நிமிர்ந்தாள், வாய் ஒரு கணம் வெளியே வந்தது, மறுபடி போனது. கைகள் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து தண்ணீரைக் கீழே கீழே அழுத்தின, எழுந்திருக்கத் தரையைத் தேடுகிற மாதிரி.

"பார்ரா, நாய் நீச்சலு அட்சிகினு கீது!" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

தூக்கத்தில்கூடப் பேசுகிற பெண். கூப்பிடுவாள் என்று அம்சவல்லி காத்திருந்தாள். கூப்பிடவில்லை. கையை ஆட்டவில்லை. கண்கள் திறந்திருந்தன, எதையும் பார்க்கவில்லை. அந்தச் சத்தமின்மை அம்சவல்லிக்குள் இறங்கியதும் கத்த வாயைத் திறந்தாள். குரல் இல்லை. படிகளில் இறங்கினாள். முந்தானையை உருவி வீசினாள். அது பெண்ணின் தோளிலேயே விழுந்தது. பெண் அதைப் பிடிக்கவில்லை. பிடிக்க அவளுக்குக் கை இல்லை. இரண்டும் தண்ணீரை அழுத்துவதிலேயே இருந்தன. இரண்டு முழத் தூரம். குதித்தால் இரண்டு பேரும் போவோம் என்று ஒரு எண்ணம் தெளிவாக வந்தது. அப்படிக் கணக்குப் பார்க்கிற தன் மனத்தை அவள் வெறுத்தாள். குதிக்கவுமில்லை.

மேலாக்கில்லாமல் நின்ற அவளைப் பார்த்துத்தான் நாகப்பனுக்குப் புரிந்தது. அவர் குதித்த வேகத்தில் தண்ணீர் அவள் முகத்தில் அறைந்தது. பின்பக்கமாகப் போய்ப் பிடித்து, முகத்தை மேலே தூக்கிப் படியில் கொண்டுவந்து கிடத்தினார்.

இருமல். வாந்தி. பிறகு அழுகை. அந்த அழுகையைப்போல் ஒரு சத்தத்தை அவள் கேட்டதில்லை.

"இடுப்புல எவன்டா கட்டனது?" என்றார் நாகப்பன். சுப்பராயன் தலையைச் சொறிந்தான். பிறகு அவனே, "தண்ணி குடிக்காம ஊர்ல யாருக்கு நீச்சலு வந்துகீது?" என்றான். நின்றுபோயிருந்த சிரிப்பு மெல்லத் திரும்பி வந்தது.

சாயங்காலம் ஷிப்டு முடிந்து ரகுபதி வந்தபோது அது ஒரு வேடிக்கைக் கதையாகியிருந்தது. காந்திமதியே கன்னத்தை உப்பிக்கொண்டு நடித்துக் காட்டினாள்.

"தாவீது அண்ணனாண்ட வுடலாங்க" என்றாள் அம்சவல்லி.

"உன் தம்பி ஆசையா குடுத்தது. அவன் மூஞ்சில நான் எப்டி முழிக்கிறது?" சோற்றைப் பிசைந்தபடியே சொன்னான். "நாகப்பண்ணன் பஸ் ஸ்டாண்டுல பார்த்தாரு. நீ கரைல நின்னா கத்துக்குடுக்க முடியாதாம். உன் மூஞ்சியப் பார்த்துதான் புள்ள பயப்படுதாம். இனிமே நீ போவாத."

அவள் அவன் தட்டில் குழம்பை ஊற்றினாள். நிறுத்திவிடலாம் என்றால், ஐப்பசி வரும். தொடரலாம் என்றால், அந்த மௌனம். பயம் தன் முகத்தில் இருப்பது உண்மைதான். அதை எங்கே கழற்றி வைப்பது? எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். பார்த்துக்கொண்டே சிரித்தார்கள். தனக்குத் தெரிந்ததெல்லாம், காந்திமதி பேசாமல் இருந்தால் ஏதோ தப்பு என்பது ஒன்றுதான். அது நீச்சல் அறிவு இல்லை. ஆனால் அங்கே வேறு யாருக்கும் அது தெரியவில்லை.

மறுநாள் காலை அவள் கிணற்றுக்குப் போனாள். குடுக்கையைத் தானே கட்டினாள், முதுகின் மேற்புறத்தில். கக்கத்துக்குப் பழந்துணி வைத்து, கயிற்றுக்குள் இரண்டு விரல் நுழைகிறதா என்று பார்த்தாள். பிறகு தண்ணீர் சேந்துகிற தாம்புக்கயிற்றின் ஒரு நுனியைப் பெண்ணின் மார்பைச் சுற்றி முடிந்து, மறுநுனியைத் தன் கையில் சுற்றிக்கொண்டாள்.

நாகப்பன் பீடியை எறிந்தார். "இன்னாம்மா, கன்னுக்குட்டியா மேய வுடற?"

"அக்கா, மானத்த வாங்காத. கயித்தக் குட்த்துட்டு வூட்டுக்குப் போ" என்றான் சுப்பராயன்.

அவள் கடைசிக்கு மேல் படியில் உட்கார்ந்து, சுவரில் காலை உதைத்துக்கொண்டாள். நாகப்பன் முனகிக்கொண்டே தண்ணீரில் இறங்கினார். மேலே யாரோ சிரித்தார்கள். காந்திமதியின் முகம் சிவந்தது. குனிந்து அம்மாவின் காதருகே வந்தாள்.

"எல்லாரும் சிரிக்கிறாங்கம்மா. நீ போம்மா. நான் மாமாகூட வந்துடறேன்."

அந்தக் குரலில் கெஞ்சல் இருந்தது. இதுவரை பெண் கேட்டு அவள் மறுத்தது அதிகமில்லை. தம்பி கயிற்றுக்காகக் கையை நீட்டியபடி நின்றான்.

"நான் போவ மாட்டேன் கண்ணு" என்றாள் அம்சவல்லி. "நீ எறங்கு."