கலைக்கக் கூடாத துண்டுகள்

கோவில்பட்டி பைபாஸ் ஓரம் இருக்கும் லாட்ஜில் அறைகளைத் தயார் செய்வது என் பொறுப்பு. என் பெயர் இசக்கிசெல்வி. மதுரைக்குப் போய்ப் பயிற்சி எடுத்துவிட்டு வந்ததிலிருந்து எனக்குத் தலைக்கனம் பிடித்துவிட்டது. ஊரில் ஒவ்வொருத்திக்கும் நகையில், படிப்பில், பிள்ளையில் தலைக்கனம் வரும். எனக்குத் துண்டு மடிப்பதில் வந்தது.

டர்க்கி டவலை முதலில் விரித்து, நீளக் கரைகள் இரண்டும் நடுவில் வந்து சேரும்படி உள்ளே மடக்குவேன். சேர்ந்த இடம் உள்ளே மறையும்படி குறுக்கே இரண்டாக்குவேன். இப்போது தையல் முனைகள் இரண்டும் ஒரே பக்கம் வந்துவிடும். அந்த முனையை உள்ளே விட்டு மூன்றாக மடித்தால் ஒரு தையலும் வெளியே தெரியாது. அரைத்த சந்தனத்தை வழித்து வைத்தமாதிரி உருண்ட மடிப்பு மட்டும் வாசலைப் பார்த்து நிற்கும். முனைகளில் நூல் வளையம் இல்லாத தட்டையான பட்டை ஒன்று ஓடுமல்லவா, அது உள்ளே போகாமல் ஓரத்தில் குவிந்தால் அடுக்கு அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். கடைசியில் உள்ளங்கையால் ஒரே திசையில் தடவிக்கொடுப்பேன். வளையங்கள் ஆளுக்கொரு பக்கம் படுத்தால் ஒரே டவல் இரண்டு நிறமாகத் தெரியும்.

ஒருநாள் மாடி அறையில் அடியில் கருநீலம், அதன் மேல் மயில்நீலம், சாம்பல், உச்சியில் பாலாடை நிறம் என்று கட்டில் நடுவில் அடுக்கியிருந்தேன். பக்கத்து ஜன்னல் வெயில் சாய்வாக விழுந்து ஒவ்வொரு வளையமும் தனித்தனியாகத் தெரிந்தது. எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து அறைக்கு ஆள் வந்துவிட்டார்கள். எப்போதும்வென்றான் கிராமத்திலிருந்து கல்யாணத்துக்கு வந்த மாரிச்சாமி அண்ணாச்சியும் அவர் மனைவி சொர்ணத்தாயும். கையில் பையோடு நின்றவர்களிடம், "ஒரு நிமிசம் அண்ணாச்சி, அங்கனயே நில்லுங்க" என்று சொல்லிவிட்டு அடுக்கைப் போட்டோ எடுத்தேன். நேராக ஒன்று, குனிந்து ஒன்று, கட்டில் ஓரம் மண்டியிட்டு ஒன்று. ரெண்டு பேரும் வாசலில் நின்று, சாமி சப்பரம் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் திறமையில் அசந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை வெந்நீர் வருகிறதா என்று கேட்கப் போய்க் கதவைத் தட்டினேன். சொர்ணத்தாய் அக்கா திறந்தார். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஜாக்கெட் முதுகெல்லாம் நனைந்து ஒட்டியிருந்தது. அண்ணாச்சி காற்றாடிக்கு நேர்கீழே கைகளை விரித்து நின்று காய்ந்துகொண்டிருந்தார். தரையில் ஒரு பழைய சேலை விரித்திருந்தது. கட்டிலில் ஒரு சுருக்கம் இல்லை. அடுக்கு அப்படியே இருந்தது.

"அக்கா, கட்டில்ல படுக்கலையா?"

"அது எப்பிடித் தாயி? நடுவுல அதை வச்சிருக்கியே."

"துண்டாச்சும் எடுத்துத் துவட்டியிருக்கலாமே?"

"நல்லாக் கேட்ட போ! நீ மண்டியிட்டுல்லா போட்டோ எடுத்த. காட்சிக்கு வச்சிருக்குதுன்னு நெனச்சோம். இவிய வேற, 'ஏட்டி, கை பட்டுறாம'ன்னு ராத்திரி பூரா சொல்லிக்கிட்டு கெடந்தாவ."

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. காசு கொடுத்துத் தங்க வந்தவர்களைத் தரையில் படுக்கவைத்து, நான்கு துண்டுகளைக் கட்டிலில் படுக்கவைத்திருக்கிறேன். பாலாடை நிறத்தை உருவிக் கொடுத்தேன். அக்கா வாங்கவில்லை.

"கலைச்சா திரும்ப இப்பிடி மடிக்க எங்களுக்குத் தெரியாதே."

"மடிக்கவே வேண்டாம்க்கா. துவட்டத்தான் வச்சிருக்கேன்" என்று மொத்த அடுக்கையும் பிடித்து இழுத்து, கட்டிலில் உதறிப் போட்டேன். அக்கா 'ஐயய்யோ' என்று வாயைப் பொத்தினார். அப்புறம் சாம்பல் நிறத்தை எடுத்துத் தலையைச் சுற்றிக்கொண்டு, "மெத்துனு இருக்கு" என்றார். அண்ணாச்சி கருநீலத்தைப் போர்த்திக்கொண்டார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

மதியம் அவர்கள் கிளம்பிப் போன பிறகு அறைக்குள் போனேன். கட்டில் நடுவில் துண்டு அடுக்கு. கருநீலம், மயில்நீலம், சாம்பல், பாலாடை, வரிசை தப்பவில்லை. தையல் எல்லாம் வெளியே பல்லைக் காட்ட, ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. என் மனம் புண்பட்டுவிடக் கூடாது என்று ரெண்டு பேரும் துண்டுகளைத் தண்ணீரில் அலசி, பாடுபட்டு மடித்திருக்கிறார்கள். நான்கும் சொட்டச் சொட்ட ஈரம். விரிப்பைத் தாண்டி மெத்தை பாதி வரைக்கும் இறங்கியிருந்தது.

மெத்தையை மொட்டைமாடிக்குத் தூக்கிப் போகும்போது மேனேஜர் பூவனலிங்கம் அண்ணாச்சி எதிரே வந்தார்.

"என்னம்மா, மெத்தையில யாரும் ஒண்ணுக்குப் போயிட்டாவளா?"

"இல்ல அண்ணாச்சி. ரொம்ப மரியாதையா நடந்துக்கிட்டாவ" என்றேன்.