உகாதி முதல் உகாதி வரை மூன்று முறை

ஹிமபிந்துவிடம் சான்றிதழ்களுக்குப் பஞ்சமே இல்லை. கிளவுட் கொஞ்சம், டெஸ்டிங் கொஞ்சம், செக்யூரிட்டி கொஞ்சம் என்று, கணினிப் பயிற்சி நிலையங்கள் நிறைந்த அமீர்பேட்டையில் யார் நோட்டீஸை நீட்டினாலும் அந்த வகுப்பில் போய் உட்கார்ந்துவிடுவாள். எல்லாமே முதல் படி. எதிலும் இரண்டாவது படி ஏறியதில்லை.

மாதாப்பூர் அலுவலகத்தில் நெட்வொர்க் உதவி மேசையில் ஐந்தாவது வருடமாக அதே நாற்காலி. அங்கே பழுது பற்றி வரும் புகாரைப் பதிவு செய்து, மேலே இருப்பவர்களுக்குத் தள்ளிவிட வேண்டும், அவ்வளவுதான். பதவி உயர்வு கேட்டுப் போனபோது, மேலாளர் சூர்யநாராயண ராஜு அவளுடைய கோப்பைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"என்னம்மா இது, கல்யாண பஃபே தட்டு மாதிரி இருக்கு? எல்லாத்துலயும் ஒரு ஸ்பூன் வச்சிருக்கீங்க. வயிறு எதுல ரொம்பும்?"

அன்று மாலை இரானி ஓட்டலில் தோழி நஸ்ரீனிடம் அதை அப்படியே சொல்லிக் காட்டினாள். நஸ்ரீன் வேறொரு நிறுவனத்தில் நெட்வொர்க் பொறியாளர். உஸ்மானியா பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டே சொன்னாள்:

"அந்த ஆளு கிண்டல் பண்ணாலும் தப்பா சொல்லலடீ. ஒரே துறையை எடு. அடியிலேருந்து உச்சி வரைக்கும் போ. உனக்கு எது பிடிக்கும், சொல்லு?"

"நெட்வொர்க்தான். புகாரை மேல தள்ளும்போதெல்லாம் கை பரபரங்குது. நானே சரி பண்ணிடலாம்னு தோணும்."

"அப்புறம் என்ன? நிபுணர் லேப் எழுது."

ஹிமபிந்து சிரித்தாள். அது பெங்களூரில் எட்டு மணி நேரம் உட்கார்ந்து எழுதும் செய்முறைத் தேர்வு. தேறுகிறவர்களைவிடத் திரும்பி வருகிறவர்களே அதிகம். ஆனாலும் இருவரும் அந்த மேசையிலேயே உச்சியிலிருந்து கீழ்நோக்கித் திட்டம் போட்டார்கள். லேபில் உட்கார வேண்டுமானால் மையத் தேர்வில் தேறியிருக்க வேண்டும். அதோடு ஒரு சிறப்புப் பாடத் தேர்வும் தேறினால் நடுப்படியான தொழில்முறைச் சான்றிதழ் கையில் வந்துவிடும். அதற்கும் கீழே அடிப்படைத் தேர்வு. முதல் வருடம் அடிப்படை. இரண்டாம் வருடம் முதலில் சிறப்புப் பாடம், கடைசியில் மையத் தேர்வு. மூன்றாம் வருடம் லேப். உகாதிக்கு உகாதி கணக்கு.

அமீர்பேட்டையில் ஒரு பயிற்சி நிலையத்துக்காரர் இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "மூணு வருஷமா? மேடம், அடிப்படை கட்டாயமே இல்லையே! நேரா மேல ஏறுங்க. கேள்வி பதில் எல்லாம் நாங்களே தர்றோம், மனப்பாடம் பண்ணா போதும். ஆறே மாசம்!"

"லேப்ல ரவுட்டர் மனப்பாடம் கேக்குமாண்ணா?" என்றாள் ஹிமபிந்து. அவர் அடுத்தவருக்கு நோட்டீஸ் நீட்டப் போய்விட்டார்.

முதல் வருடம் சொன்னபடி போயிற்று. சங்கராந்திக்கு முந்தின வாரம் அடிப்படையில் தேறினாள். கணவன் உதயபாஸ்கர் அலமாரிக் கதவில் ஒட்டியிருந்த திட்டத் தாளில் முதல் வரியைச் சிவப்பு மையால் அடித்தான்.

அடுத்த உகாதியன்று, வேப்பம்பூவும் வெல்லமும் புளியும் கரைத்த பச்சடியைக் குடித்தவள் உடனே வாந்தி எடுத்தாள். இரண்டாவது மாதம்.

வீடே கொண்டாடியது. கொண்டாட்டத்தோடு கொண்டாட்டமாகத் திட்டத்தையும் மூட்டை கட்டியது. "படிப்பு எங்கம்மா ஓடிப்போகுது? குழந்தை பள்ளிக்கூடம் போனப்புறம் பாத்துக்கலாம்" என்றாள் மாமியார். உதயபாஸ்கரும் தயங்கித் தயங்கி, "ஒரு வருஷம் தள்ளிப் போடலாமா, பிந்து?" என்றான்.

ஹிமபிந்து அலமாரியின் முன் போய் நின்றாள். வருடக் கடைசியில் மையத் தேர்வு. அப்போது கையில் பால் மணக்கும் குழந்தை இருக்கும். இருப்பதிலேயே பெரிய பாடத்தை, தூக்கம் கெட்ட கண்ணோடு படிக்க முடியாது. தள்ளிப்போட்டால் லேபும் தள்ளிப்போகும். அப்படிப் போனதைத் தான் திரும்ப எடுக்கப்போவதில்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

சட்டென்று நஸ்ரீனைக் கூப்பிட்டாள். "வரிசையை மாத்தப் போறேன். மையத் தேர்வை முன்னாடி எழுதிடறேன்."

"வயித்தத் தள்ளிக்கிட்டா?"

"கேளு. அதுல தேறினா லேப் கதவு தொறந்துடும், மூணு வருஷத்துக்கு மூடாது. தொழில்முறையில பாதி முடிஞ்சிடும். அடிப்படைச் சான்றிதழையும் புதுப்பிச்ச மாதிரி ஆயிடும். ஒரு தேர்வு மூணு வேலை செய்யுது. சிறப்புப் பாடம் சின்னது, அதைத் தொட்டில் பக்கத்துல உக்காந்துகூடப் படிக்கலாம்."

அந்தப் பக்கம் நஸ்ரீன் கத்தினாள்: "அடிப்பாவி! இதை நான் ஏன் முன்னாடியே யோசிக்கல?"

ஏழாம் மாதத்தில், மேசைக்கும் வயிற்றுக்கும் நடுவே விசைப்பலகைக்கு இடம் தேடிக்கொண்டு மையத் தேர்வை எழுதினாள். தேறினாள். தீபாவளி கழிந்ததும் மகள் பிறந்தாள். மறு உகாதிக்குள் சிறப்புப் பாடமும் முடிந்து தொழில்முறைச் சான்றிதழ் வந்தது. ராஜு அவளைப் புகார் மேசையிலிருந்து எடுத்துப் பழுது பார்க்கும் குழுவில் போட்டார்.

மூன்றாம் வருடம் முழுவதும் லேப்தான். பழைய சர்வர் ஒன்றை வாங்கி, அதற்குள் மெய்நிகர் ரவுட்டர்களை அடுக்கி ஒரு முழு நெட்வொர்க்கே கட்டினாள். ஞாயிறுதோறும் நஸ்ரீன் வந்து, பச்சைப்பயறுப் பெசரட்டு தின்ற கையோடு எங்காவது ஒன்றைக் கெடுத்து வைப்பாள். ஹிமபிந்து கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும். மாமியார் பேத்தியைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, "இவ கெடுக்கறா, அவ சரி பண்றா. இதுக்கு ஒரு பரீட்சையா?" என்பாள்.

கார்த்திகை மாதத்தில் பெங்களூர் போனாள். தோற்றாள். மூன்று மணி நேர வடிவமைப்புப் பகுதி நன்றாகவே போனது. மீதி ஐந்து மணி நேரச் செய்முறையில், நிரல் எழுதித் தானாக இயக்கும் ஆட்டோமேஷன் பகுதி வந்ததும் கை நின்றுவிட்டது. சின்னப் பகுதிதானே என்று ஒதுக்கியிருந்தாள். அதில் போராடி, தெரிந்த கேள்விகளுக்கும் நேரம் இல்லாமல் போயிற்று.

ரயிலடிக்கு வந்த உதயபாஸ்கர் அவள் முகத்தைப் பார்த்ததும் பையை வாங்கிக்கொண்டான். "உகாதிக்கு இன்னும் நாள் இருக்கு."

"இருக்கு. இனிமே ஒரே பாடம்தான். அது மட்டும்தான்" என்றாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க நிரல், நிரல், நிரல். திரை பிழை காட்டினால் மகள் கைகொட்டிச் சிரிப்பாள், அம்மா திட்டுவதைக் கேட்க அவளுக்கு அவ்வளவு இஷ்டம்.

மாசி மாதம் மறுபடி பெங்களூர். வடிவமைப்பில் ஒருமுறை தாண்டிய கேள்விக்குத் திரும்ப முடியாது. அவள் ஒவ்வொன்றையும் நிதானமாக முடித்துத் தாண்டினாள். செய்முறையில் ஆட்டோமேஷன் வந்தபோது அவள் எழுதிய நிரல் முதல் ஓட்டத்திலேயே ரவுட்டர்களை எல்லாம் சரியாக அமைத்தது. நாற்காலியில் சாய்ந்து ஒரு மூச்சு விட்டாள். நேரம் மிச்சமிருந்தது. எல்லாவற்றையும் இன்னொரு தடவை சோதித்துவிட்டே எழுந்தாள்.

முடிவு மறுநாள் காலை வந்தது. ஊர் திரும்பி, கச்சிகூடா நிலையத்தில் ரயில் நிற்கும்போதே கைப்பேசியில் அந்த ஒற்றைச் சொல்லைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த அம்மாள், "என்னம்மா, கெட்ட சேதியா?" என்று கேட்கும் அளவுக்கு அழுதாள்.

"இல்லீங்க. பாஸ்! பாஸாயிட்டேன்!"

நிபுணரான ஒவ்வொருவருக்கும் தனி எண் உண்டு. உலகத்தில் வேறு யாருக்கும் அந்த எண் கிடையாது. நஸ்ரீன் போனில் அதை மூன்று தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். உதயபாஸ்கர் பால்கனியில் நின்று, கேட்காத எதிர்வீட்டுக்காரருக்கும் உரக்கச் சொன்னான்.

திங்கட்கிழமை ராஜு எழுந்து நின்று கை கொடுத்தார். "அப்போ தட்டு ரொம்பிடுச்சு."

"இல்ல சார்," என்றாள் ஹிமபிந்து, "இப்பதான் பசியே எடுக்குது. புது டேட்டா சென்டர் நெட்வொர்க்கை வடிவமைக்கிற வேலைய எனக்குக் குடுங்க."

கொடுத்தார்.