ஒரு காதால் கேட்பவளின் முகம்

பெர்மெத் மூன்றாவது முறையாக அந்தக் காட்சியை ஓடவிட்டாள். திரையில் ஒரு பெண் ஜன்னலோரமாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். அவள் பேசும்போதெல்லாம் சரியாகவே இருந்தது. கேள்வி வந்ததும் கழுத்து வலப்பக்கம் சாய்ந்தது. முகம் மட்டும் சாயாமல் நின்றது. சுவரில் மாட்டிய படத்தைப் பெயர்த்து யாரோ அவள் தோளுக்கு மேல் ஒட்டிவைத்தாற்போலிருந்தது.

"பயமா இருக்குடீ," என்றாள் பின்னால் நின்றிருந்த சினாரா. கிர்கிஸ்தானின் தலைநகர் பிஷ்கேக்கில் இருந்த அந்தச் சின்ன எடிட்டிங் அறையில் கெட்டிலும் அவளும்தான் எப்போதும் கொதித்துக்கொண்டிருப்பார்கள். படத்தின் இயக்குநர் அவள்.

கடத்திக்கொண்டுபோய்க் கல்யாணம் செய்துவைக்கப்பட்ட பெண்கள் தங்கள் கதையைச் சொல்லும் ஆவணப்படம் அது. அவர்கள் யாரென்று தெரியக்கூடாது. முகத்தை மங்கலாக்கினால் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து மறைந்துவிடும். அதனால் ஒவ்வொருவருக்கும் ஒரு நடிகை தன் முகத்தைக் கொடுத்திருந்தாள்; அதைக் கணினியில் பொருத்துவது பெர்மெத்தின் வேலை. பேச்சும் கண்ணசைவும் உதட்டு நடுக்கமும் சொன்னவளுடையவை; சாயல் மட்டும் வேறொருத்தியுடையது. குரலையும் மாற்றியிருந்தார்கள். மற்ற பெண்களுக்கு அது நன்றாகவே பொருந்திவிட்டது. திரையிலிருந்த இந்த ஜிப்பாராவிடம் வந்து மாட்டிக்கொண்டது.

ஜிப்பாராவுக்கு இடது காது கேட்காது. கல்யாணமான முதல் குளிர்காலத்தில் விழுந்த அறை. அதனால் யாராவது பேசினால் வலது காதை முன்னே கொடுத்துத் தலையைச் சாய்த்துக்கொள்வாள்.

"சாயற இடத்தையெல்லாம் வெட்டிடலாமா?" என்றாள் சினாரா.

"வெட்டினா என்னக்கா மிஞ்சும்? 'அந்த வீட்டுக்கே திரும்பிப் போன்னு அம்மாவே சொன்னாங்களா'ன்னு நீங்க கேக்கறீங்களே, அதைக் கேட்டுட்டுத்தான் அவங்க சாயறாங்க. பதிலே அங்கதான் இருக்கு."

சினாரா தேநீரை ஊற்றினாள்.

பெர்மெத் ஒவ்வொரு பிரேமாக நகர்த்திப் பார்த்தாள். மென்பொருள் செய்யும் வேலை அவளுக்குத் தெரிந்ததுதான். இரண்டு கண்களையும் கண்டுபிடித்து, அவை ஒரே மட்டத்தில் நிற்கும்படி முகத்தைச் சுழற்றிக்கொள்ளும். அந்த நேரான முகத்தில் புதுச் சாயலை வைத்துவிட்டு, முன்பு சுழற்றிய அதே கோணத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பி, கழுத்தின்மேல் கொண்டுவந்து வைக்கும். சாயும்போது ஜிப்பாராவின் முடிக்கற்றை ஒரு கண்ணை மறைத்தது. மென்பொருள் முடிக்குள் கண்ணைத் தேடி, புருவத்தின் நுனியைக் கண்ணென்று நினைத்துக்கொண்டது. கோணம் தப்பியது. முகம் நிமிர்ந்துவிட்டது.

அந்த பிரேம்களில் கண்ணை நம்பாமல், மூக்குத்தண்டையும் முகவாயையும் சேர்க்கும் கோட்டை வைத்துச் சாய்வைக் கணக்கிட்டாள். முன்னும் பின்னும் நன்றாக இருந்த பிரேம்களோடு இசையவைத்து நடுக்கத்தையும் எடுத்தாள். இப்போது முகம் கழுத்தோடு சேர்ந்து சாய்ந்தது.

ஆனாலும் ஏதோ ஒட்டவில்லை.

"இப்ப பயமா இல்ல," என்றாள் சினாரா. "ஆனா இவ கேக்கற மாதிரி தெரியல. போட்டோவுக்குத் தலையைச் சாய்ச்ச மாதிரி இருக்கு."

பெர்மெத் எழுந்து கைகழுவும் இடத்துக் கண்ணாடி முன்னால் போய் நின்றாள். இடது காதை விரலால் அடைத்துக்கொண்டு, "அக்கா, அங்கேர்ந்து மெதுவா ஏதாவது சொல்லுங்க," என்றாள்.

"என்ன சொல்ல?"

"கேக்கல. இன்னும் ஏதாவது."

"உனக்குப் பைத்தியம்."

கண்ணாடியில் பார்த்தபோது புரிந்தது. தலை தோள்பக்கம் சாய்ந்ததோடு நிற்கவில்லை. முகவாய் கீழே இறங்கியிருந்தது. முகம் கொஞ்சம் இடப்பக்கம் திரும்பியிருந்தது. கண்கள் புருவத்துக்கு அடியிலிருந்து மேலே பார்த்தன. பக்கச்சாய்வு படத்தையே சுழற்றினால் வந்துவிடும். முகவாய் இறங்குவது அப்படி வராது. அப்போது நெற்றி அகலமாகத் தெரிய வேண்டும், மூக்கு நீள வேண்டும், தாடைக்கோடு கழுத்துக்குள் மறைய வேண்டும். முகம் கொடுத்த நடிகை உல்ஜானை நேராக உட்காரவைத்துத்தான் அதிகமும் படமெடுத்திருந்தார்கள். குனிந்து சாய்ந்த உல்ஜானை மென்பொருள் பார்த்ததே இல்லை. பார்க்காததை அது எப்படி வரையும்? போதாக்குறைக்கு, நேரான முகத்தில் பக்கவாட்டிலிருந்து விழுந்த ஜன்னல் வெளிச்சம், சுழற்றியபோது கூடவே சுழன்று, மூக்கின் நிழலைத் தப்பான திசையில் கொண்டுபோய்ப் போட்டிருந்தது.

"உல்ஜான் அக்காவைத் திரும்பக் கூப்பிடணும்," என்றாள் பெர்மெத். "அந்த ஜன்னலும் வேணும்."

உல்ஜான் பொம்மை நாடக அரங்கில் வேலை பார்ப்பவள். இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவே ஓடிவந்தாள். கையில் ஒரு பை சம்சா. அதே ஜன்னலருகே உட்காரவைத்தார்கள். சாயச் சொன்னார்கள், சாய்ந்தாள். முகவாயை இறக்கச் சொன்னார்கள், இறக்கினாள். கொஞ்சம் திரும்பச் சொன்னதும் சாய்வு போய்விட்டது.

"பொம்மைக்குக்கூட இத்தனை கயிறு கிடையாதும்மா," என்றாள் உல்ஜான். "ஒண்ணை இழுத்தா இன்னொண்ணு அவுந்துபோகுது."

பெர்மெத் பஞ்சை உருட்டிக் கொடுத்தாள். "இடது காதுல வெச்சுக்குங்க. மேல ஹெட்போனோட அந்தப் பக்கக் கிண்ணத்தையும் அழுத்திப் பிடிங்க. இனிமே நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். சினாரா அக்கா பேசுவாங்க. கேட்டா மட்டும் போதும்."

சினாரா தாழ்ந்த குரலில் கேள்விகளைக் கேட்டாள், ஜிப்பாராவிடம் கேட்ட அதே கேள்விகளை. உல்ஜான் முதலில் சிரித்தாள். பிறகு சொற்கள் பாதி பாதியாக விழவே, அவளை அறியாமலேயே தலை சாய்ந்தது, முகவாய் இறங்கியது, வலது காது முன்னால் வந்தது. அம்மாவைப் பற்றிய கேள்வி வந்தபோது அவள் இன்னும் சாய்ந்தாள். வெளிச்சம் சரியான கன்னத்தில் விழுந்திருந்தது. பெர்மெத் கேமராவை நிறுத்தாமல் விட்டாள்.

பஞ்சை எடுத்த பிறகு, "இப்படியேவா அவ எந்நேரமும் இருக்கா?" என்று மட்டும் கேட்டாள் உல்ஜான்.

புதிய படங்களைக் கொடுத்து மென்பொருளை மறுபடி பழக்கினாள் பெர்மெத். தாடைக்கும் கழுத்துக்கும் நடுவிலிருந்த ஒட்டுக்கோட்டைக் காதுக்குக் கீழே கொண்டுபோனாள். அங்கே ஜிப்பாராவின் சொந்தத் தசை இழுபட்டு நின்றது. அதைத் தொடவில்லை. இந்த முறை முகம் கழுத்திலிருந்து முளைத்ததுபோல் உட்கார்ந்தது.

ஜிப்பாராவைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். ஒரு தையல் பட்டறையில் வேலை செய்பவள். விரல்நுனியில் நீலச் சாயம் ஒட்டியிருந்தது. முழுதும் பார்த்தாள்.

சினாரா தொண்டையைச் செருமினாள். "ஜிப்பாரா, உண்மையைச் சொல்லிடறேன். முகம் தெரியாது, குரல் தெரியாது. ஆனா நீ சாயறது உன்னோடது. தெரிஞ்சவங்க கண்டுபிடிக்கலாம். வேணாம்னா அந்த இடத்தை வெட்டின இன்னொரு பிரதியும் தயாரா வெச்சிருக்கோம். எதுன்னு நீதான் சொல்லணும்."

ஜிப்பாரா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "புருஷன் வீட்டு ஆளுங்களுக்கு நான் இப்படிச் சாய்வேன்னே தெரியாது. அவங்க யாரும் என்கிட்ட எதையும் கேட்டதில்ல." விரல்நுனிச் சாயத்தைத் தேய்த்தாள். "பட்டறையில இருக்கறவங்களுக்குத்தான் தெரியும். இது இருக்கட்டும் அக்கா."

வசந்தத்தில், வாடகைக்கு எடுத்த ஒரு சின்ன அரங்கில் படத்தைத் திரையிட்டார்கள். பெர்மெத் கடைசிக்கு முந்தின வரிசையில் உட்கார்ந்தாள். அவளுக்கு நேர் முன்னால் ஜிப்பாராவும், அவளுக்கு இடப்பக்கம், கூட வேலை செய்யும் குண்டான பெண் ஒருத்தியும்.

அந்த இடம் வந்தது. திரையில் இருந்தவள் தலையைச் சாய்த்தாள். பெர்மெத் தாடைக்கோட்டைத்தான் முதலில் பார்த்தாள்; பிறகு கேள்வி காதில் விழுந்தது, பார்ப்பதை மறந்துவிட்டாள். அரங்கில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

குண்டுப் பெண் குனிந்து கிசுகிசுத்தாள். "ஏய், இவளைப் பாரேன். உன்னை மாதிரியே கேக்கறா."

ஜிப்பாரா தலையைச் சாய்த்து வலது காதைக் கொடுத்தாள்; அவள் மறுபடி சொன்னாள்.

"நான்தான் அது," என்றாள் ஜிப்பாரா.

அந்தப் பெண் திரையைப் பார்த்தாள், பக்கத்தில் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். பிறகு எழுந்து, ஜிப்பாராவின் முழங்காலைத் தாண்டி இந்தப் பக்கமாக வந்து, அவளுடைய வலது காதுப்பக்கம் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.