ஒரு மாதம் மட்டும் விழுந்தது

நெய்க்கும் சர்க்கரைக்கும் ஆர்டர் கொடுக்க இன்னும் ஐம்பத்திரண்டு மணி நேரம் இருந்தது. அதற்குமேல் மொத்த வியாபாரி போனை எடுக்க மாட்டார். பண்டிகை நெருங்கினால் எல்லா இனிப்புக் கடைக்காரர்களும் அவரைத்தான் பிய்த்துத் தின்பார்கள்.

"போன வருஷம் இதே மாசம் ஐநூறு கிலோ இனிப்பு போச்சு. அதையே போட்டுடு," என்றார் அப்பா, தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே. ஏற்கெனவே பளிச்சென்றிருந்த தட்டு.

மகள் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தாள். கல்யாணமாகி ஒரு வருடம் கழித்து, பண்டிகை மாதம் முழுக்கத் தங்குவதாக இரண்டு நாளைக்கு முன்தான் வந்திருந்தாள். இன்னும் பெட்டியைக்கூட முழுதாகப் பிரிக்கவில்லை.

"போன வருஷத்த மட்டும் வச்சு எப்படிப்பா சொல்றது?"

அவள் செய்திருந்தது சின்ன வேலைதான். ஐந்து வருட மாத விற்பனையை எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு மாதத்தையும் நடுவில் வைத்து, சுற்றியுள்ள பன்னிரண்டு மாதங்களுக்குச் சராசரி எடுத்தாள். மாதம் நகர நகரச் சராசரியும் நகரும். பண்டிகையின் ஏற்றமும் கோடையின் மந்தமும் அதில் கரைந்து, கடையின் உண்மையான போக்கு மட்டும் நிற்கும். பிறகு அந்த மாத விற்பனையை அந்தச் சராசரியால் வகுத்தாள். முதல் வருடப் பண்டிகைக்கு முந்தைய மாதங்கள் கணக்கில் இல்லாததால் பண்டிகை மாதத்துக்கு விடை நான்குதான். முதல் மூன்றும்: 1.78, 1.82, 1.80. சராசரி மாதத்தைப் போல ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு வியாபாரம், வருடா வருடம் மாறாமல்.

நான்காவது, போன வருடத்துடையது, 1.25.

"நாலையும் சேர்த்துச் சராசரி எடுத்தா 1.66 மடங்கு. மாசச் சராசரி நானூறு கிலோ. அப்ப சுமாரா அறுநூத்தி அறுபத்தஞ்சு வருது. போன வருஷத்த விட்டுட்டா எழுநூத்தி இருபது. அந்த ஒரு மாசம் சராசரியையும் கீழ இழுத்திருக்கு, அதையும் சரி பண்ணா எழுநூத்தம்பதுகூட வரும்."

"மூணு கணக்கா?" உள்ளேயிருந்து அடுப்பு மாஸ்டர் எட்டிப் பார்த்தார். "பாப்பா, எனக்கு ஒரே கணக்கு சொல்லு. என் மச்சானையும் இன்னொரு ஆளையும் வரச் சொல்லவா, வேணாமா? அவன் ஒத்தக் கால்ல நிக்கிறான்."

"அதத்தான் மாமா கேட்டுட்டிருக்கேன்."

குறைவாகச் செய்தால் பண்டிகைக்கு முந்தின நாளே அலமாரி காலியாகும்; வந்தவர்கள் எதிர்க் கடைக்குப் போவார்கள், பழகிவிடுவார்கள். அதிகம் செய்தால் மீதி நான்கு நாளில் வாடை பிடிக்கும். இரண்டில் எது நடந்தாலும் அப்பா அடுத்த பண்டிகைக்குக் கடை திறப்பாரா என்பதே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

"போன வருஷம் ஏம்பா விழுந்துச்சு?"

"மழ."

"எதிர்க் கடைல அந்த மாசம் தள்ளுமுள்ளாம். அவங்க வீட்டுப் பொண்ணே சொன்னா. மழ நம்ம வாசல்ல மட்டுமா பெஞ்சுது?"

மாஸ்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கரண்டியைத் தேடப் போனார்.

"ஜனங்களுக்கு ருசி மாறிடுச்சும்மா."

"மாறியிருந்தா எல்லா மாசமும் விழுந்திருக்கணும். மத்த பதினொண்ணும் அப்படியே இருக்கு." அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள். "இது தேயறது இல்லப்பா. ஒரு மாசம் மட்டும் என்னமோ நடந்திருக்கு. அது இந்த வருஷமும் நடக்கும்னா கணக்குல சேக்கணும். நடக்காதுன்னா எடுத்துடணும். என்னன்னு தெரியாம நான் எப்படி எடுக்கறது?"

அம்மா காபி கொண்டுவந்து வைத்தாள். இருவரையும் பார்த்தாள். "வாய்ல என்ன கொழுக்கட்டையா? சொல்லுங்களேன்," என்று அவரிடம் சொல்லிவிட்டு நகராமல் நின்றாள்.

அப்பா துணியை மடித்தார். மறுபடி பிரித்தார்.

"நீ மாசம் முழுக்க இருப்பதானே?"

"இருப்பேன்னு சொன்னேனே. அவரும் சரின்னுட்டாரு."

"சாயங்காலமும் கடைக்கு வருவ?"

"காலேஜ் படிச்சப்ப வரலையா? பண்டிகைன்னா கல்லால வேற யாரு உக்காந்தா?"

"அப்ப அது நடக்காது. எடுத்துடு."

"எதப்பா?"

அவர் கல்லாவுக்குப் பின்னாலிருந்த நாற்காலியைப் பார்த்தார். பண்டிகை மாதத்தில் மூன்றில் ஒரு பங்கு வியாபாரம் சாயங்காலம் ஆறு மணிக்குப் பிறகுதான் என்பது அந்தக் கடையில் எல்லோருக்கும் தெரியும்.

"நீ கல்யாணமாகிப் புருஷன் வீட்டுக்குப் போன மாசம் அது," என்றார். "அந்த நாற்காலி காலியா கெடக்கறதப் பாக்க முடியல. மாசம் பூரா தெனமும் ஆறு மணிக்கே ஷட்டர எறக்கிட்டேன்."